வெளிநாட்டுக்கு ஆன்லைனில் விற்கிறீர்களா? சுங்க வரி, டெலிவரி நாள் பற்றி என்ன எழுதணும்?

நாச்சியார்கோவில் குத்துவிளக்கை லண்டனில் இருப்பவர் ஆன்லைனில் வாங்குகிறார். விலை 160 பவுண்டு, கூரியர் 30 பவுண்டு. பணம் கட்டியாச்சு, பார்சலும் போய்ச் சேர்ந்தாச்சு. ஆனால் 'வரி கட்டினால்தான் பார்சல்' என்று அவருக்கு மெசேஜ் வருகிறது. அவர் மறுத்தால் விளக்கு திரும்பி வரும், அந்தச் செலவு பெரும்பாலும் விற்றவர் தலையில்தான் விழும். பொருள் விவரப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

வரி எவ்வளவு வரும்?

பிரிட்டனில் 135 பவுண்டுதான் எல்லைக்கோடு. அதற்குள் இருந்தால் சுங்க வரி கிடையாது. 20% வாட் வரியை, பொருள் விற்பனைத் தளம் வழியாகப் போனால், அந்தத் தளமே வாங்கும்போது வசூலித்துவிடும். சொந்த வெப்சைட்டில் விற்றால் விற்பவரே பிரிட்டனில் வாட் பதிவு செய்து கட்டணும்.

அதைத் தாண்டினால் பார்சல் அங்கே இறங்கும்போதுதான் வரி. நம்ம விளக்குக்குச் சுங்க வரி 5 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வாட் வரி விளக்கின் விலைக்கு மட்டும் இல்லை. கூரியரையும் சுங்க வரியையும் சேர்த்து 195 பவுண்டுக்குப் போடுவார்கள். அது 39 பவுண்டு. ஆக, கூடுதலாக 44 பவுண்டு. கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி.

இன்னொன்று, இந்தக் கணக்கு ஒவ்வொரு பொருளுக்கும் இல்லை, மொத்தப் பார்சலுக்கு. 80 பவுண்டு விளக்கு இரண்டை ஒரே பெட்டியில் அனுப்பினாலும் எல்லை தாண்டிவிடும்.

'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பலாமா?

கூடாது. காசு வாங்கி விற்ற பொருளை அப்படிக் காட்டுவதும், விலையைக் குறைத்துப் போடுவதும் பொய்த் தகவல். வாங்குபவரே கேட்டாலும் செய்யக் கூடாது.

டெலிவரி நாளை எப்படிச் சொல்வது?

'10 நாளில் வரும்' என்று ஒரே எண்ணாகப் போடாதீர்கள். தயாரிக்க, பயணத்துக்கு, சுங்கச் சோதனைக்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதி மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் முன்பு அனுப்பிய பார்சல்கள் எத்தனை நாளில் சேர்ந்தன என்று பார்த்து, அதில் தாமதமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படி எழுதலாம்:

"பேக்கிங் 3 வேலை நாள். பயணம் 8 முதல் 14 வேலை நாள். சுங்கச் சோதனையில் மேலும் ஒரு வாரம் ஆகலாம். பார்சல் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டினால் சுங்க வரி, வாட், கையாளும் கட்டணத்தை வாங்குபவர் கட்ட வேண்டும். இவை எங்கள் விலையில் சேரவில்லை."

வரியை நீங்களே முன்கூட்டிக் கட்டி அனுப்பும் 'டிடிபி' முறை என்றால், 'வரி உட்பட' என்று தெளிவாகப் போடுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. பழைய வரிகளை அப்படியே விட்டிருந்தால், இன்றே திருத்துங்கள்.