சலாம் சொல்வதும் சலாம் போடுவதும்



நமது சப்ரகமுவ தோட்டங்களில் 'சலாம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. நமக்கு அது சமாதானம். சொன்னவருக்குக் குறையாமல் பதில் சொல்வது கடமை.

தோட்டத்தில் அது 'சலாம் போடுவது'. வெள்ளைக்காரத் துரை வந்தால் தொழிலாளி தலைப்பாகையை அவிழ்த்து, பாதையோரம் ஒதுங்கி, குனிந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவார். துரை விரும்பினால் தலையசைப்பார். இல்லாவிட்டால் பேசாமல் போவார். பதில் கட்டாயமில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. துரைமார் நம் நாட்டவர் ஆனார்கள். குனியும் பழக்கம் மட்டும் உடனே போகவில்லை.

ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு, பேரனுக்காக இறப்பர் தோட்டத்து முதியவர் ஒருவர் வந்தார். தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். நாம் கதிரையில் இருந்தபடியே தலையை மட்டும் ஆட்டினோம். அவர் கடைசிவரை உட்காரவேயில்லை. அப்போதுதான் விளங்கியது: நாம் செய்ததும் துரையின் தலையாட்டல்தான்.

அதன்பின் அறிமுகமில்லாதவர் வந்தால் முதலில் எழுந்து நிற்கிறோம். அவர் கையை நீட்டினால் கை கொடுக்கிறோம். தமிழரோ சிங்களவரோ கைகூப்பினால், நெஞ்சில் கைவைத்து, முகம் பார்த்துத் தலையசைத்து, கதிரையைக் காட்டுகிறோம். பெண்களிடம் நாமாகக் கை நீட்டுவதில்லை. அங்கும் நெஞ்சில் கைதான்.

சைகை எதுவானாலும், வந்தவர் உட்கார்ந்தாரா என்று பார்த்தால் நம் பதில் போதுமானதா என்பது தெரியும்.