பிரான்சில் நண்பர் வீட்டில் தங்குவதா, ஹோட்டலில் தங்குவதா? விசாவுக்கு எது காட்ட வேண்டும்?

பாரிஸின் லா ஷப்பேல் பகுதியிலும் அதன் புறநகர்களிலும் தமிழர்கள் பலர் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் தங்கிச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள், "வாருங்கள், நம் வீட்டிலேயே தங்கலாம்" என்று நண்பர் எழுதிய கடிதம் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது போதாது. பிரான்ஸ் கேட்பது, நண்பர் வசிக்கும் ஊரின் நகர மன்றம் முத்திரையிட்டுத் தரும் வரவேற்புச் சான்றிதழ்.

நண்பர் நேரில் சென்று இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தம் அடையாள அட்டை அல்லது வசிப்பிட அனுமதி, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு விருந்தினரின் கடப்பிதழ் விவரமும் பயணத் தேதிகளும் தர வேண்டும். 30 யூரோ முத்திரை வரி உண்டு. மறுத்தாலும் அது திரும்பக் கிடைக்காது. வீட்டில் இடம் போதுமா என்று அதிகாரிகள் வந்தும் பார்க்கலாம். ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால் மறுக்கப்பட்டதாகவே பொருள்.

இதில் கையெழுத்திடுபவர் வெறும் முகவரி தருபவர் அல்லர். விருந்தினரிடம் பணமில்லாமல் போனால் அவர் செலவை ஏற்பேன் என்று உறுதி அளிக்கிறார். அதனால்தான் விருந்தினர் காட்ட வேண்டிய பணம் குறைகிறது. சான்றிதழ் இருந்தால் நாளொன்றுக்கு 32.50 யூரோ, ஹோட்டல் முன்பதிவு இருந்தால் 65 யூரோ, இரண்டும் இல்லையென்றால் 120 யூரோ.

கிள்ளானில் வேலை செய்யும் இந்தியக் கடப்பிதழ்க்காரர் ஒருவர் பத்து நாள் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பரின் சான்றிதழ் இருந்தால் 325 யூரோ காட்டினால் போதும். பத்து நாளும் ஹோட்டல் என்றால் 650 யூரோ. அறை வாடகை தனி. நான்கு நாள் மட்டும் ஹோட்டல் பதிந்து, மற்ற ஆறு நாளுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் 260-உம் 720-உம் சேர்ந்து 980 யூரோ ஆகிவிடும். எந்த வழியானாலும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி தேவை.

ஹோட்டல் பதிவுக்கு யாருடைய உத்தரவாதமும் வேண்டாம். ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால், விசா கிடைத்ததும் அதை ரத்து செய்துவிட்டு நண்பர் வீட்டுக்குப் போவது ஆபத்து. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி தங்குமிடச் சான்று கேட்டால் கையில் எதுவும் இருக்காது. விசா இருந்தும் திருப்பி அனுப்பப்படலாம்.

மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனாலும், நண்பர் வீட்டில் தங்கினால் இதே சான்றிதழை எல்லையில் கேட்கலாம். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்.

விசா தேவைப்படுவோர் பயணத்துக்கு 15 நாள் முன்னதாகவாவது மனுச் செய்தாக வேண்டும். எனவே, மூன்று மாதத்துக்கு முன்பே நண்பரை நகர மன்றத்துக்குப் போகச் சொல்வது நல்லது.