பூநாரையின் சிவப்பும் மீன்கொத்தியின் நீலமும்

சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரியில் மன்னாருக்குப் போனபோது, வங்காலைப் பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டமொன்றைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் பறவைகள் வெளிறிக் கிடந்தன. சில சாம்பல், பல வெள்ளை. 'பூநாரை என்றால் சிவப்பாக இருக்க வேண்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரோஸ் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். கல்குடாவில் என் மாமாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். இடம்பெயர்ந்த காலத்தில் மன்னாரில் சில வருடம் கடற்றொழில் செய்தவர் அவர்.

"இது என்ன மகள், குஞ்சும் தாயும் ஒரே நிறமா நிக்குது? நான் பார்த்த குஞ்செல்லாம் மண் நிறம்தானே" என்றார்.

அவர் சொன்னது சரி. பூநாரை பிறக்கும்போது சிவப்பில்லை. குஞ்சு சாம்பல் தூவியோடு பொரிக்கும். அடுத்து முளைக்கும் இறகுகள் சாம்பலும் பழுப்பும் கலந்தவை. வளர்ந்த பறவையின் நிறம் முழுதாக வர மூன்று, நான்கு வருடமாவது செல்லும். நான் நிறத்தை ஏற்றியதில் அழிந்து போனது அந்தப் பறவைகளின் வயது.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள நம் அடுப்படியே போதும். பச்சை இறாலைச் சட்டியில் போட்டால் சிவக்கும். அந்தச் சிவப்பு புதிதாக உண்டானதல்ல, இறாலின் ஓட்டில் ஏற்கெனவே இருந்ததுதான். ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருந்ததால் சாம்பலும் நீலமுமாகத் தெரிந்தது. சூடு பட்டதும் புரதம் சிதைந்து பிடியை விட, உண்மையான நிறம் வெளியே வருகிறது. கரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினொயிட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்தப் பொருளும்.

விலங்குகளால் பொதுவாக இதைத் தாமாக உருவாக்க முடியாது. பாசிகளும் செடிகளும் சில நுண்ணுயிர்களும்தான் உருவாக்கும். மாரி முடிந்து வெயில் ஏறும்போது உப்பளப் பாத்திகளில் நீர் செந்நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கூடக் கூட, அதைத் தாங்கி வாழும் நுண்பாசிகளும் பக்டீரியா போன்ற நுண்ணுயிர்களும் இந்த நிறப்பொருளைத் தமக்குள் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாசியை உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை தின்னும். இரண்டையும் பூநாரை தின்னும். தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் வைத்து, நாக்கைப் பம்பிபோல இயக்கி நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் உணவை வடித்துக்கொள்ளும்.

வயிற்றுக்குள் போன நிறப்பொருள் கொழுப்பில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பறவையின் ஈரல் இன்னும் சிவந்த வகையாக மாற்றுகிறது. பிறகு அது வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குப் போய்ச் சேரும். 'வளர்ந்துகொண்டிருக்கும்' என்பதுதான் இங்கே முக்கியம். முளைக்கும் இறகுக்குத்தான் இரத்த ஓட்டம் உண்டு. முற்றியதும் அது நம் நகம், தலைமயிர் போன்ற உயிரற்ற பொருள். அதற்குப் பிறகு எவ்வளவு தின்றாலும் அந்த இறகுக்குள் நிறம் ஏறாது. ஆக ஒரு பூநாரையின் இன்றைய நிறம், அந்த இறகு முளைத்த நாட்களில் அது என்ன தின்றது என்பதன் பதிவு.

மிருகக்காட்சிசாலைகள் இதைப் பட்டுத்தான் அறிந்தன. தானியமும் சாதாரண தீனும் கொடுத்து வளர்த்த பூநாரைகள் நலமாகத்தான் இருந்தன. ஆனால் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்க, ஒவ்வொரு தடவையும் வெளிறிக்கொண்டே போயின. இன்று அவற்றின் தீனில் கரோட்டினொயிட்டைத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

வெளிறிய பறவை என்றால் நோயுற்ற பறவை என்று எண்ணிவிடக் கூடாது. தாயும் தந்தையும் குஞ்சுக்குத் தொண்டையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றை ஊட்டும். அது சிவப்பு நிறம். பெற்றோரின் உடலில் சேர்ந்திருந்த நிறப்பொருள் அதோடு குஞ்சுக்குப் போவதால், வளர்க்கும் காலம் முடியும்போது பெற்றோர் வெளிறி நிற்கும். வெயிலும் இறகின் நிறத்தைக் கரைக்கும். ஸ்பெயினில் ஆய்வு செய்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலும் இந்த நிறப்பொருள் உண்டு. இணை தேடும் காலத்தில் பூநாரைகள் அதைக் கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் அதிகமாகத் தேய்த்துக்கொள்கின்றன, கிட்டத்தட்ட நாம் பவுடர் பூசுவது போல. தேய்ப்பதை விட்டால் அந்தப் பூச்சு சில நாட்களில் மங்கிவிடும்.

மன்னாருக்கு வருவது பெரும் பூநாரை என்ற இனம். இதன் உடல் எப்போதும் வெள்ளையில் லேசாக ரோஸ் கலந்ததுதான். கடுஞ்சிவப்பு சிறகின் மேற்பகுதியில் இருக்கிறது. பறக்கும்போதுதான் அது முழுதாகத் தெரியும். சிறகின் பின்விளிம்பு கறுப்பு. அந்தக் கறுப்பு உணவிலிருந்து வந்ததல்ல. நம் தோலிலும் தலைமயிரிலும் உள்ள மெலனின்தான். அதை உடலே உருவாக்குகிறது. மெலனின் உள்ள இறகு சீக்கிரம் தேய்ந்து போகாது.

இனி நீலம். கல்குடாவிலிருந்து வாழைச்சேனைக் களப்புப் பக்கம் போனால் கம்பியிலும் கம்பிலும் மீன்கொத்தி இருக்கும். அதன் நீலச் சிறகு மீனிலிருந்து வந்ததா என்று மாமா கேட்டார். இல்லை. அந்த இறகில் நீல நிறப்பொருளே கிடையாது.

நம்ப மாட்டார் என்று தெரியும், அதனால் கரையில் பொறுக்கிய ஓர் இறகைக் கொடுத்தேன். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், பளிச்சென்ற நீலம். பிறகு இறகைக் கண்ணுக்கும் வெயிலுக்கும் நடுவில் பிடிக்கச் சொன்னேன். நீலம் போய் மங்கிய பழுப்பானது. "மறுகா இந்த நீலம் எங்க போனது?" என்றார், திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அந்த இறகின் இழைகளுக்குள் கடற்பஞ்சு போன்ற ஒரு படை இருக்கிறது. இறகுப் பொருளும் காற்றுத் துளைகளும் மாறி மாறி, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் அமைந்தவை. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பை நானூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அளவு இடைவெளி. அதில் பட்டுச் சிதறும் ஒளியில் நீல அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறும், மற்ற நிறங்கள் சேராமல் போகும். அடியிலுள்ள மெலனின் மிச்ச ஒளியை விழுங்கிவிடும். இறகை அரைத்துத் தூளாக்கினால் பஞ்சு நொறுங்கும், நீலமும் போய்விடும். பூநாரையின் சிவப்பிறகை அரைத்தால் தூளும் சிவப்பாகவே இருக்கும்.

பாசிக்குடாக் கடல் நுரை ஏன் வெள்ளை? அதுவும் காற்றும் நீரும்தான். ஆனால் குமிழிகள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் எல்லா நிறமும் சமமாகச் சிதறி வெள்ளையாகிறது. கொக்கின் வெள்ளையும் அப்படியே. வெளிறிய பூநாரையின் வெள்ளையும் அதுதான். சிவப்பு ஏறாத இடத்தில் வெறும் இறகின் அமைப்பு தெரிகிறது.

கிளியின் பச்சையில் இரண்டு வழியும் கலந்திருக்கிறது. அடியில் பஞ்சுப் படையின் நீலம், அதன்மேல் மஞ்சள் நிறப்பொருள். அந்த மஞ்சள் மட்டும் விசேஷம், அதைக் கிளி உணவிலிருந்து எடுக்காமல் தன் உடலிலேயே உருவாக்குகிறது.

பூநாரைகள் இலங்கையில் கூடு கட்டுவதில்லை. நமக்கு அருகிலுள்ள பெரிய இனப்பெருக்கத் தளம் குஜராத்தின் கச்சு உப்புநிலம். அதனால் மன்னாரில் நிற்கும் கூட்டத்தில் பழுப்புப் பறவைகளை எண்ணினால், அண்மைய வருடங்களில் குஞ்சுகள் தப்பி வளர்ந்தனவா என்பது ஓரளவு தெரியும். உச்சி வெயிலில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும் என்பதால் காலையிலோ மாலையிலோ எண்ண வேண்டும். இளசுகளின் காலும் அலகும்கூட மங்கிய சாம்பலாக இருக்கும், நிறத்தில் ஐயம் வந்தால் அதைப் பார்க்கலாம்.

என் பழைய படத்தின் மூலப் பிரதி இன்னும் கையில் இருந்தது. நிறம் ஏற்றாமல் மறுபடி திறந்து, மாமாவும் நானும் எண்ணினோம். முப்பத்தொரு பறவைகளில் ஏழு பழுப்பு.