அதிகபட்ச சில்லறை விலை

இந்தியாவில் பொட்டலமாக விற்கப்படும் பொருளின் மேல் அச்சிடப்படும் உச்ச விலை. பேச்சு வழக்கில் எம்.ஆர்.பி. இதை அரசு வைத்த விலை என்று நினைப்பவர்கள் பலர். விலைக்கட்டுப்பாட்டில் உள்ள மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்கு இந்த எண்ணை வைப்பவர் உற்பத்தியாளர், பொட்டலமிடுபவர் அல்லது இறக்குமதியாளர்தான். அதற்கு மேல் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்பதைத்தான் சட்டம் சொல்கிறது.

பொட்டலப் பொருள் விதிகள் 1977-இல் வந்தன. விலையோடு ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று போட்டுக்கொள்ளவும் அப்போது இடமிருந்தது. வரி எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதே கணக்கு. 1990-இல் விதியைத் திருத்தி, ‘எல்லா வரிகளும் உட்பட’ ஒரே விலை என்றாக்கினார்கள். இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுதான். பின்னர் 2009-இன் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-இன் புதிய விதிகளும் இதையே தொடர்ந்தன.

விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் அது அச்சிட்ட பழைய விலையை மறைக்கக் கூடாது. ஆகவே விலையின் மேலேயே ஸ்டிக்கர் உட்கார்ந்திருந்தால் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்ப்பது நல்லது. அடியில் சிறிய எண் இருந்தால், செலுத்த வேண்டியது அதிகபட்சம் அந்தச் சிறிய எண்தான். இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டிலைக் குளிர்வித்ததற்கென்று கடையில் இரண்டு ரூபாய் கூட்டுவதும் செல்லாது. உணவகம் வேறு: மேசையில் அமர்த்திப் பரிமாறுவது வெறும் விற்பனை அல்ல, சேவையும்கூட என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறிவிட்டதால், அங்கே கூடுதலாக வாங்கத் தடையில்லை.

உச்ச விலைக்குக் கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். தள்ளுபடி பிறப்பது இந்த இடைவெளியில்தான். உச்ச விலையைத் தாராளமாக வைத்துவிட்டு ‘பாதி விலை’ என்று எழுதுவதற்கு இந்த விதிகளில் தடை ஏதுமில்லை. நுட்பமான தகராறு வரியில் வருகிறது. சட்டையின் சீட்டில் ரூ.1,000, பலகையில் 40% தள்ளுபடி. செலுத்த வேண்டியது ரூ.600. ரசீதில் அதன் மேல் 5% வரி சேர்த்து ரூ.630 போட்டால், அது உச்ச விலையைத் தாண்டவில்லை; எடையளவு விதி மீறப்படவில்லை. ஆனால் ஆயிரத்துக்குள் வரி முன்பே அடக்கம். தள்ளுபடி விலையின் மேல் தனியாக வரி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் ஓர் ஆடைக்கடை வழக்கில் தீர்ப்பளித்தது. முப்பது ரூபாய்க்கு வழக்கா என்று பலரும் விட்டுவிடுவதால்தான் இந்த வழக்கம் இத்தனை நாள் ஓடியது.

உச்ச விலைக்கு மேல் வாங்கினால், ரசீதையும் உறையையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். தமிழ்நாட்டில் இந்த விதிகளைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை.