துணுக்குகளின் கதை – 6: மாஸ்கோவில் ஏழு அம்புகள்

*சென்ற வாரம்: 1988இல் மாஸ்கோ, பெல்கிரேடு, ஆக்ஸ்போர்டு ஆகிய மூன்று ஊர்களிலும் தனித்தனியே ஒரே யோசனை பிறந்தது. கண்ணாடிச் சில்லில் குட்டி டி.என்.ஏ. சொற்களை ஒட்டி வைத்தால், ஒரு மரபணுவில் எந்தெந்தச் சொற்கள் இருக்கின்றன என்பதைச் சில்லு காட்டிவிடும். ஆனால் அவை எந்த வரிசையில் வந்தன என்பதைச் சொல்லாது.*

சில்லு ஏழு சொற்களைக் காட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
AGC ATC CAA CAG CAT GCA TCA
```

இவற்றை ஒரே சரமாகக் கோக்க வேண்டும். மாஸ்கோவின் லைசோவ் குழு ஒவ்வொரு சொல்லையும் ஒரு முனையாக வைத்தது. `CAT`இன் கடைசி இரண்டு எழுத்துகளில்தான் `ATC` தொடங்குகிறது. எனவே அவ்விரண்டுக்கும் இடையே ஓர் அம்பு. இப்படி அம்புகளைப் போட்டபின், ஒவ்வொரு முனையையும் ஒரே ஒரு முறை மிதித்துப் போகும் வழியைத் தேட வேண்டும். ஏழு முனைகள் என்றால் கையாலேயே தேடிவிடலாம். ஆயிரக்கணக்கில் போனால்? எல்லா வகைக் கோட்டுருக்களுக்கும் இந்த வழியை விரைவாகக் கண்டுபிடிக்கும் முறை இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹாமில்டனின் பெயரால் வழங்கும் பழைய புதிர் இது.

1989இல் அதே மாஸ்கோவில் பாவெல் பெவ்ஸ்னர் என்ற இளம் கணிதர் படத்தைப் புரட்டிப் போட்டார். சொல்லை முனையாக வைக்காமல் அம்பாகவே வைத்தார். `CAT` என்பது `CA` என்ற முனையிலிருந்து `AT` என்ற முனைக்குப் போகும் அம்பு. `ATC` என்பது `AT`இலிருந்து `TC`க்கு. இப்போது முனைகளைப் பற்றிய கவலை இல்லை; எத்தனை முறை வேண்டுமானாலும் மிதிக்கலாம். அம்புகளைத்தான் ஒவ்வொன்றாக, ஒரே முறை கடக்க வேண்டும்.

கேனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி 1735இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் ஆய்லர் பேசியது இதே கேள்விதான். இதற்கு விடை எளிது: உள்ளே வரும் அம்புகளையும் வெளியே போகும் அம்புகளையும் எண்ணினால் போதும். `AT`, `TC`, `AG`, `GC` நான்கிலும் வரவு ஒன்று, செலவு ஒன்று. `CA`இல் வரவு இரண்டு, செலவு மூன்று. பயணம் அங்கேதான் தொடங்க வேண்டும். `AA`இல் வரவு மட்டுமே, முடிவு அங்கே.

நடந்து பார்ப்போம். `CA`இல் தொடங்கி எடுத்த எடுப்பிலேயே `CAA` அம்பைப் பிடித்தால் `AA`இல் முட்டிக்கொள்வோம்; ஆறு அம்புகள் மீந்திருக்கும். பாதகமில்லை. `CA`இலிருந்து `CAT`, `ATC`, `TCA` என்று போனால் சுற்றி `CA`க்கே வந்துவிடுகிறோம். அந்தச் சுற்றை வழியில் செருகுகிறோம். `CAG`, `AGC`, `GCA` சுற்றையும் அப்படியே செருகினால் வேலை முடிந்தது. அம்புகள் கூடக் கூட உழைப்பும் அதே வீதத்தில்தான் கூடும்; வெடித்துப் பெருகாது.

ஆனால் இரண்டு சுற்றுகளில் எதை முதலில் செருகுவது?

```
CATCAGCAA
CAGCATCAA
```

இரண்டும் அதே ஏழு சொற்களால் ஆனவை. உண்மை மரபணு இவற்றில் எது? கோட்டுரு வாய் திறக்காது. `CA` மூன்று முறை வருவதுதான் குழப்பத்தின் வேர்.

நான்கெழுத்துச் சொற்கள் இருந்தால் வழக்கு தீர்ந்துவிடும். `TCAG` முதல் சரத்தில் மட்டுமே உண்டு. `GCAT` இரண்டாவதில் மட்டுமே. அதாவது, மீண்டும் மீண்டும் வரும் பகுதியைத் தாண்டி இரு பக்கமும் ஓரெழுத்தாவது நீளும் சொல் வேண்டும். ஆனால் சில்லில் ஓரெழுத்து கூடினால் ஒட்ட வேண்டிய சொற்கள் நான்கு மடங்காகும். எட்டெழுத்துக்கு 65,536 சொற்கள். பத்தெழுத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். நிஜ மரபணுத்தொகுதியிலோ மறுவரவுகள் நூற்றுக்கணக்கான எழுத்துகள் நீளும். சில்லு தோற்றது.

1995இல் லாஸ் ஏஞ்சலஸில் இதுரியும் வாட்டர்மேனும் இன்னொரு கதவைத் தட்டினார்கள். வாசிப்பு இயந்திரங்கள் அப்போது சில நூறு எழுத்துள்ள துணுக்குகளைத் தந்துகொண்டிருந்தன. அந்தத் துணுக்குகளைக் கணினியிலேயே சொற்களாக நறுக்கி, பெவ்ஸ்னரின் அம்புகளாக்கினால் என்ன? சில்லே வேண்டாம், சொல்லின் நீளமும் நம் கையில்.

ஒரு சிக்கல் காத்திருந்தது. இயந்திரம் சில வேளைகளில் ஓரெழுத்தைத் தப்பாகப் படிக்கும். இருபதெழுத்துச் சொற்களாக நறுக்கும்போது, துணுக்கின் நடுவில் உள்ள அந்த ஒற்றைத் தப்பெழுத்து இருபது சொற்களுக்குள் புகுந்துவிடும். மரபணுவில் இல்லாத அம்புகள் முளைக்கும். வரவும் செலவும் பொருந்தாமல் போகும். பிழையைத் திருத்த உண்மையான சரம் தெரிய வேண்டும். உண்மையான சரத்தைக் கண்டுபிடிக்கப் பிழை நீங்க வேண்டும்.

இந்த முடிச்சை எங்கிருந்து அவிழ்ப்பது? அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பெவ்ஸ்னர், வாட்டர்மேனோடும் டாங்கோடும் சேர்ந்து 2001இல் ஒரு பதிலை வெளியிட்டார். சரத்தைக் கோப்பதற்கு முன்பே, விடை தெரியாமலே, பொய்ச் சொற்களை அவர்கள் அடையாளம் கண்டது எப்படி?

(தொடரும்)