சமையற்காரரின் பயோடேட்டா (வெளிநாட்டு வேலை)

வெளிநாட்டு ஹோட்டல், உணவகம், கப்பல், தொழிலாளர் முகாம் ஆகியவற்றில் வேலை தேடும் சமையற்காரர் தாம் அறிந்த சமையல் வகைகள், வகித்த பதவிகள், வேலை பார்த்த சமையலறையின் அளவு, சுகாதாரச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் குறித்துத் தரும் ஓரிரு பக்க விவரம். எந்தப் பிரிவில் நின்றார், எத்தனை பேருக்குச் சமைத்தார் என்பதையே ஆள் எடுக்கும் செஃப் முதலில் தேடுவார்.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உள்ள பெரிய ஹோட்டல்கள் பிரெஞ்சு முறையிலான பதவி வரிசையைப் பின்பற்றுகின்றன. அடிப்படியான கமி 3-இல் தொடங்கி கமி 2, கமி 1, டெமி செஃப், ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப் தெ பார்ட்டி, சூ செஃப் என்று அது மேலே போகிறது. நம் ஊரில் மரியாதையாக வழங்கும் ‘மாஸ்டர்’ என்ற பதவி அந்த வரிசையில் இல்லை. எனவே அந்தச் சொல்லை மட்டும் எழுதினால் போதாது. தோசைக்கல்லா, தந்தூரா, குழம்புப் பிரிவா, கீழே எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சமையலறையின் அளவைச் சொல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். மதுரையில் கல்யாணச் சமையல் செய்யும் ஒருவர் ‘800 பேருக்குச் சமைத்தவன்’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பொய்யில்லை, பெரிய திறமையும்கூட. ஆனால் அது அண்டாவில் ஒரே பட்டியலைச் சமைத்த கணக்கு. ஆர்டர் வர வர, தட்டுத் தட்டாகப் பத்து நிமிடத்தில் அனுப்பும் உணவகத்துக்கு அந்த எண் எதையும் சொல்லாது. தொழிலாளர் முகாமுக்கோ விருந்துச் சமையலறைக்கோ அதுவே முதல் தகுதி. ஆகவே ‘விருந்துச் சமையல், 800 பேர், 12 உதவியாளர்கள், சாம்பாரும் பிரியாணியும் என் பொறுப்பு’ என்று எழுதுவதே சரி. உணவகத்தில் வேலை பார்த்தவர் ‘90 இருக்கைகள், வார இறுதி இரவில் 200 பேர், தோசைப் பிரிவில் நானும் ஓர் உதவியாளரும்’ என்று எழுதலாம்.

சமையல் வகைகளை நீளமாக அடுக்குவது ஆபத்து. சீனம், இத்தாலியம், அரபு என்று எழுதியவரை வேலைத் தேர்வில் அவற்றுள் ஒன்றைச் சமைக்கச் சொல்வார்கள்; அங்கே தடுமாறினால் நன்றாகத் தெரிந்த செட்டிநாட்டுச் சமையல்மீதும் சந்தேகம் விழும்.

சுகாதாரப் பயிற்சிக்கு இந்தியாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ‘ஃபாஸ்டாக்’ சான்றிதழ் உண்டு. பயோடேட்டாவில் பயிற்சியின் பெயர், நிலை, பெற்ற தேதி மூன்றும் இருக்க வேண்டும். இது அந்தந்த நாட்டுச் சான்றிதழுக்கு ஈடாகாது: சிங்கப்பூரில் உணவைக் கையாள்பவர் அந்நாட்டின் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் தேற வேண்டும். ஹாசாப் சான்றிதழைக் குறிப்பிடுபவர் அது தொடர்பான கேள்விகளையும் எதிர்பார்க்கலாம். சமைத்த சோற்றை எப்படி ஆற வைப்பீர்கள் என்பது அத்தகைய ஒரு கேள்வி. அகலமான தட்டில் பரப்பி, 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும் என்பது பரவலாக வழங்கும் விதி.