அவசரச் சட்டம்

வடமொழியில் ‘அவசரம்’ என்பதற்குச் சமயம், வாய்ப்பு என்பனவே பொருள். விரைவு என்பது தமிழில் அது பெற்ற பொருள். சட்டசபை கூடியிராத சமயத்தில், உடனே ஒரு விதி தேவைப்படுமாயின், மந்திரிசபையின் ஆலோசனைப்படி கவர்னர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு இவ்விரு பொருளும் பொருந்துவதை எண்ணி நான் வியந்ததுண்டு. 2017 ஜனவரி 21-இல் ஜல்லிக்கட்டுக்காகப் பிறந்த அத்தகைய சட்டத்தின் பலத்தில், மறுநாளே புதுக்கோட்டை மாவட்டத்து ராப்பூசலில் வாடிவாசல் திறந்து காளைகள் பாய்ந்தன. ஆயினும், நிரந்தரச் சட்டமே வேண்டுமென்று மெரினாவில் இளைஞர்கள் கலையாதிருந்தனர். அவர்கள் கவலை நியாயமானதே. ஏனெனில், அவசரச் சட்டம் வலிமையில் ஏனைய சட்டங்களுக்கு நிகரெனினும், சபை மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் தானே காலாவதியாகும். 23-ஆம் தேதி சபையில் மசோதா வைக்கப்பட்டு, உறுப்பினர்களால் நிறைவேறி, பின்னர் ஜனாதிபதியின் சம்மதமும் பெற்ற சட்டத்துக்கோ அத்தகைய கெடு இல்லை.